கூட்டுறவு சங்க ஆண்டுக் கூட்ட நோட்டீஸ் தமிழ்ல: ஓட்டுப் பத்தியும் டிவிடெண்ட் பத்தியும்

குழுவில்புதுசு · ஜூன் 2, இரவு 10.15

எங்க சங்கத்தோட ஆண்டுப் பொதுக்கூட்ட நோட்டீஸ தமிழாக்குற வேலை என் தலையில விழுந்திருக்கு. சிக்கனக் கடன் சங்கம், 400 உறுப்பினர். நிர்வாகக் குழு இங்லீஷ்ல ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. தேதி, இடம், நிகழ்ச்சி நிரல் எல்லாம் ஓடிடுச்சு. ஓட்டு, டிவிடெண்ட் இந்த ரெண்டு பத்தி மட்டும் இடிக்குது. நான் போட்டு வெச்சது இது:

"உறுப்பினர்கள் தாங்கள் வைத்துள்ள பங்குகளின் அடிப்படையில் வாக்களிக்கவும் ஈவுத்தொகை பெறவும் உரிமை உடையவர்கள். கடன் பாக்கி உள்ள உறுப்பினர்களுக்கு வாக்குரிமை கிடையாது. இந்த ஆண்டுக்கு 6 சதவீத ஈவுத்தொகை வழங்கப்படும். துணைவிதித் திருத்தம் மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரவுடன் நிறைவேற்றப்படும்."

மூலத்துல இது அரைப் பக்கம். யாரும் படிக்க மாட்டாங்கன்னு நாலு வரியா சுருக்கிட்டேன். தமிழ் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கூட்டம் ஜூன் 30.

ஷேர்பைத்தியம் · ஜூன் 2, இரவு 10.41

நல்லா இருக்கே. நானும் பத்து கம்பெனி ஷேர் வெச்சிருக்கேன், வருஷா வருஷம் நோட்டீஸ் வரும், ஒரு ஷேருக்கு ஒரு ஓட்டு, ஷேர் கணக்குக்கு டிவிடெண்ட். அப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்க.

பழையஎழுத்தர் · ஜூன் 3, காலை 6.05

அனுப்பிடாதீங்க. நாலு வரியில நாலும் தப்பான உரிமையைச் சொல்லுது. தமிழ்ல குறை இல்ல, தமிழ் நல்லா ஓடுறதாலதான் ஆபத்து, யாரும் நிறுத்திக் கேக்க மாட்டாங்க.

முதல் வரி. கம்பெனியில ஷேருக்கு ஓட்டு, கூட்டுறவுல ஆளுக்கு ஓட்டு. ஒரு பங்கு வெச்சிருக்கவருக்கும் ஒரு ஓட்டு, ஆயிரம் பங்கு வெச்சிருக்கவருக்கும் அதே ஒரு ஓட்டு. இங்கிலாந்துல ராச்டேல் ஊர் நெசவாளிங்க 1844-ல கூட்டுறவுக் கடை போட்ட காலத்துலேர்ந்து கூட்டுறவோட அடையாளமே இதுதான். சர்வதேசக் கூட்டுறவு அமைப்பு 1995-ல வெளியிட்ட கொள்கை அறிக்கையும் அடிமட்டச் சங்கங்கள்ல உறுப்பினர் எல்லாருக்கும் சமமான ஓட்டுன்னுதான் சொல்லுது. சங்கங்கள் சேர்ந்து நடத்துற இணையம், மத்தியச் சங்கம் மாதிரி மேல்மட்டத்துல மட்டும் வேற முறை இருக்கலாம், அதுவும் ஜனநாயகமா இருக்கணும்னு அதே அறிக்கை சொல்லுது. உங்களது அடிமட்டச் சங்கம்.

டிவிடெண்ட்தான் பங்கைப் பொறுத்தது. நீங்க ரெண்டையும் ஒரே வாக்கியத்துல கட்டினதால "பங்குகளின் அடிப்படையில்" ரெண்டுக்கும் போய் ஒட்டிக்கிச்சு. ஒரு பங்கு மட்டும் வெச்சிருக்குற ஆளு அதைப் படிச்சா, நம்ம ஓட்டு என்ன பெரிய ஓட்டுன்னு வீட்லயே இருந்துடுவாரு.

மூலத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் போடுங்க, மத்த மூணு வரியையும் அதை வெச்சுதான் பேசணும்.

ஷேர்பைத்தியம் · ஜூன் 3, காலை 8.20

சரி, கம்பெனி வேற கூட்டுறவு வேற, ஒத்துக்கறேன். ஆனா அதிகமா பணம் போட்டவனுக்கும் ஒரு ஓட்டுன்னா எவன் பணம் போடுவான்? கேள்வி கேள்வியாவே இருக்கட்டும்.

குழுவில்புதுசு · ஜூன் 3, மதியம் 1.30

மூலத்தைப் பாத்தேன். "இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப் ஷேர்ஹோல்டிங்", அதாவது பங்கு எத்தனை இருந்தாலும் ஒரே ஓட்டுன்னு தெளிவா இருக்கு, சுருக்குறப்ப அதையே வெட்டியிருக்கேன். மத்ததுல இருக்குறது: ப்ராக்ஸி ஓட்டு கிடையாது. ஜூன் 23-ஆம் தேதி நிலவரப்படி தவணை தாண்டின பாக்கி இருந்தா ஓட்டு இல்ல, ஆனா கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். டிவிடெண்ட் 6 சதவீதம்னு குழு "ரெக்கமண்ட்" பண்ணுது, கட்டின பங்குத்தொகை மேல, "ப்ரோ ரேட்டா". துணைவிதித் திருத்தத்துக்கு "டூ தேர்ட்ஸ் ஆஃப் த மெம்பர்ஸ் ப்ரெசன்ட் அண்ட் வோட்டிங்".

இலக்கணக்குருவி · ஜூன் 3, மாலை 5.12

ப்ராக்ஸி என்ன, டிவிடெண்ட் என்ன! பதிலாள், ஈவுத்தொகை என்று அழகான சொற்கள் இருக்கின்றன. நோட்டீஸ் என்பதே அறிவிப்பு. கோரம் என்று எங்காவது எழுதியிருந்தால் குறைவெண் என்று மாற்றுங்கள். மூலத்தை வெட்டியவர் தமிழையும் வெட்ட வேண்டாம்.

பழையஎழுத்தர் · ஜூன் 3, இரவு 9.00

குருவியாரே, ஈவுத்தொகை சரி, அவங்க பாஸ்புக்லயே அப்படித்தான் இருக்கும். பாஸ்புக்ல என்ன சொல் அச்சடிச்சிருக்கோ அதையே நோட்டீஸ்லயும் போடணும், அதைவிட நல்ல சொல் கிடைச்சாலும் போடக்கூடாது. பாஸ்புக்ல ஈவுத்தொகைன்னும் நோட்டீஸ்ல பங்காதாயம்னும் இருந்தா ரெண்டு தனித்தனிப் பணம்னு நெனச்சு கவுண்டர்ல வந்து நிப்பாங்க. குறைவெண் வேணாம், எத்தனை பேர் வந்தா கூட்டம் செல்லும்னு எண்ணைப் போட்டா முடிஞ்சது.

பதிலாளை மட்டும் சொல்லா எழுதிட்டு விடாதீங்க. நடக்குறதைச் சொல்லுங்க. "உறுப்பினர் நேரில் வந்துதான் வாக்களிக்க வேண்டும். கடிதம் கொடுத்தோ, வேறொருவரை அனுப்பியோ வாக்களிக்க முடியாது." கூட்டத்தன்னைக்கு அண்ணன் கடுதாசியோட தம்பி வந்து நிக்கிற சண்டை அதோட தீரும். உங்க நாலு வரியில இது மொத்தமாவே காணோம்.

பாக்கி வரி பெரிய விஷயம், நாளைக்கு எழுதுறேன்.

பழையஎழுத்தர் · ஜூன் 4, காலை 6.30

"கடன் பாக்கி உள்ள உறுப்பினர்களுக்கு வாக்குரிமை கிடையாது."

கடன் சங்கத்துல யாருக்குத்தான் கடன் பாக்கி இல்ல? கடன் வாங்கத்தான சேர்றாங்க. போன வருஷம் கடன் வாங்கி மாசா மாசம் ஒழுங்கா கட்டிட்டு வர்றவருக்கும் இன்னும் முப்பது தவணை "பாக்கி"தான். அவரு எந்த விதியையும் மீறலை. மூலம் சொல்றது தவணைத் தேதி தாண்டியும் கட்டாதவங்களை. அந்த "தாண்டின"ங்கற ஒரு சொல் விழுந்தா சங்கத்துல பாதிப் பேரோட ஓட்டு போச்சு. நோட்டீஸால சட்டப்படி போகாது, அவங்களே விட்டுடுவாங்க.

இது நான் கண்ணால பாத்தது. நான் எழுத்தரா இருந்த ஒரு சங்கத்துல இதே வரி அச்சாகிப் போச்சு. கூட்டத்தன்னைக்கு ஒருத்தர் வாசல்ல நின்னு பாஸ்புக்கைப் பிரிச்சு கடைசிப் பக்கத்துல இருக்குற மீதித் தொகை மேல விரலை வெச்சுக்கிட்டு, "இது இருக்கே, நான் உள்ள வரலாமா"ன்னு கேட்டாரு. ஒரு தவணைகூட விடாத ஆளு. கேக்கத் தோணினவரு அவரு ஒருத்தர்தான், மத்தவங்க வரவே இல்ல. அரைமணி காத்திருந்தும் ஆள் சேரலை, கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போச்சு. தள்ளிவெச்ச கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாலும் போதும்னு அங்க துணைவிதி. அதனால வந்த கொஞ்சம் பேர் கையைத் தூக்க, எல்லாத் தீர்மானமும் பத்து நிமிஷத்துல நிறைவேறிச்சு. யாரும் திட்டம் போட்டுச் செய்யலை, ஆனா திட்டம் போட்டிருந்தாலும் இதைவிட நல்லா செஞ்சிருக்க முடியாது.

அடுத்தது அந்த ஜூன் 23. அது வெறும் தேதி இல்ல, வாய்ப்பு. ரெண்டு தவணை விட்டவரு 23-ஆம் தேதிக்குள்ள கட்டிட்டா அவருக்கு ஓட்டு திரும்ப வந்துடும். உங்க வரி "கிடையாது"ன்னு கதவைச் சாத்துது, மூலம் கதவைத் திறந்து வெச்சிருக்கு.

மூணாவது, ஓட்டு இல்லாதவரும் வரலாம் பேசலாம்ங்கறது. கடன் கட்ட முடியாம தவிக்கிறவங்கதான் வட்டியைப் பத்திப் பேச வேண்டியவங்க, அவங்களை நோட்டீஸே வெளிய நிறுத்தக்கூடாது. நான் எழுதினா இப்படி:

"தவணைத் தேதி கடந்தும் கட்டாத தொகை ஜூன் 23 அன்று உங்கள் கணக்கில் இருந்தால் இந்தக் கூட்டத்தில் உங்களுக்கு வாக்கு இல்லை. அந்தத் தொகையை ஜூன் 23-க்குள் கட்டிவிட்டால் வாக்கு உண்டு. தவணைகளை ஒழுங்காகக் கட்டி வருபவர்களுக்கு, கடன் இன்னும் முடியாமல் இருந்தாலும் வாக்கு உண்டு. வாக்கு இல்லாதவர்களும் கூட்டத்திற்கு வரலாம், பேசலாம்."

மூணாவது வாக்கியம் மூலத்துல இல்லதான். ஆனா மூலத்துல உள்ளதோட மறுபக்கம் அது, புதுசா எந்த உரிமையும் தரலை. குழுகிட்ட காட்டி ஒப்புதல் வாங்கிட்டுப் போடுங்க.

ஜாமீன்போட்டவன் · ஜூன் 4, காலை 11.15

அய்யா, நான் ஒரு நண்பருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவன் நாலு மாசமா கட்டல. என் கடன் எல்லாம் சுத்தம். எனக்கு ஓட்டு உண்டா இல்லையா? சங்கத்துல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. டிவிடெண்டையும் நிறுத்தி வெச்சிருக்காங்க.

பழையஎழுத்தர் · ஜூன் 4, மாலை 4.40

உங்க துணைவிதியில என்ன எழுதியிருக்குன்னு பாக்காம சொல்ல முடியாது தம்பி. சில இடத்துல கடன் வாங்கினவர் மட்டும், சில இடத்துல ஜாமீன்தாரருக்கும் சேர்த்து. உங்க பேருக்கு சங்கம் எழுத்துல கேட்பு அனுப்பியிருக்கான்னு பாருங்க, பல சண்டை அங்கதான் தீரும். டிவிடெண்டை நிறுத்தினதுக்குக் காரணத்தை எழுத்துல கேளுங்க, வாய்ல கேட்டா ஆளுக்கு ஒண்ணுதான் சொல்லுவாங்க.

புதுசு, இவரு கேட்டது உங்களுக்கும் உதவும். மூலத்துல "தவணை தாண்டின பாக்கி"ன்னா உறுப்பினரோட சொந்தக் கடன் மட்டுமா, ஜாமீன் போட்டதும் சேர்த்தா?

குழுவில்புதுசு · ஜூன் 4, இரவு 10.50

மூலத்துல வெறும் "ட்யூஸ் டு த சொசைட்டி"ன்னு இருக்கு. ரெண்டு மாதிரியும் படிக்கலாம். செயலாளர்கிட்ட கேட்டா "இங்லீஷ்ல எப்படி இருக்கோ அப்படியே தமிழ்லயும் தெளிவில்லாம வைங்க"ங்கறாரு. சிரிக்கிறதா அழறதா தெரியலை.

இலக்கணக்குருவி · ஜூன் 4, இரவு 11.20

தெளிவில்லாமல் எழுதத் தனித் திறமை வேண்டும். "சங்கத்துக்குச் சேரவேண்டிய தொகைகள்" என்று எழுதுங்கள், போதிய அளவு தெளிவில்லாமல் இருக்கும்.

பழையஎழுத்தர் · ஜூன் 5, காலை 6.10

சிரிச்சிட்டேன். ஆனா செயலாளர் சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. மூலத்துல இல்லாத முடிவை மொழிபெயர்க்குறவரு எடுக்கக்கூடாது. அதுக்காக மூடி மறைக்கவும் வேணாம், மூலத்தையே திருத்தச் சொல்லுங்க, குழு கூடி ஒரு வரி சேக்கட்டும். தமிழாக்கம் பண்றப்பதான் மூலத்தோட ஓட்டை வெளிய வரும், அதுக்கு முன்னாடி எல்லாரும் தலையாட்டிட்டுப் போயிருப்பாங்க.

டிவிடெண்டுக்கு வர்றேன். "6 சதவீத ஈவுத்தொகை வழங்கப்படும்"னா அது வாக்குறுதி. குழு பரிந்துரைதான் செய்யுது, முடிவு கூட்டத்தோடது. கூட்டம் அஞ்சுன்னு குறைச்சா, கையில நோட்டீஸோட வந்து ஆறு எங்கன்னு கேப்பாங்க, கேக்குறது நியாயம்தான். "6 சதவீதம் ஈவுத்தொகை கொடுக்கலாம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகே அது முடிவாகும்."

அப்புறம் எதுல ஆறு? இதை எழுதாம விட்டா ஒருத்தர் லாபத்துல ஆறுன்னு நெனப்பாரு, ஒருத்தர் வைப்புத்தொகைக்கு ஆறுன்னு நெனப்பாரு, கடன் வாங்கினவரு கடன் தொகைக்குன்னுகூட கேப்பாரு. நீங்க கட்டியிருக்குற பங்குத்தொகைக்கு, அவ்வளவுதான். சேமநிதிக்கும் மத்ததுக்கும் ஒதுக்கினது போக மிச்சத்துலேர்ந்து வர்றது இது.

"ப்ரோ ரேட்டா"வ "விகிதாசார அடிப்படையில்"னு போட்டா சரிதான், ஆனா ஒருத்தருக்கும் புரியாது. ஒரே ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க. ஒருத்தர் வருஷ ஆரம்பத்துலேர்ந்து 10,000 பங்குத்தொகை வெச்சிருக்காரு, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு 5,000 கட்டினாரு. முதல் தொகைக்கு முழு வருஷம், 600. ரெண்டாவதுக்கு ஆறு மாசம்தான், 150. மொத்தம் 750. அவரு பாஸ்புக்ல 15,000-ஐப் பாத்துட்டு 900 வரணும்னு எதிர்பார்ப்பாரு, அந்த 150 வித்தியாசத்துக்குத்தான் கவுண்டர்ல கத்துவாரு.

ஷேர்பைத்தியம் · ஜூன் 5, காலை 9.00

மாசக் கணக்கா நாள் கணக்கா? 17-ஆம் தேதி கட்டினா அந்த மாசம் சேருமா? கம்பெனில குறிச்ச தேதியில யார் பேருல ஷேர் இருக்கோ அவருக்கு முழுசா வந்துடும், எத்தனை மாசம் வெச்சிருந்தாருன்னு கேக்க மாட்டாங்க.

பழையஎழுத்தர் · ஜூன் 5, மதியம் 12.15

இந்தத் தடவை நல்ல கேள்வி. பல சங்கங்கள்ல முழு மாசம் மட்டும்தான் கணக்கு, 17-ஆம் தேதி கட்டினா அடுத்த மாசத்துலேர்ந்து. ஆனா உங்க சங்கம், அவங்க சங்கம்னு மாறும். புதுசு, துணைவிதியில பாத்து அந்த ஒரு வரியையும் கணக்குக்குக் கீழ சேத்துடுங்க.

குழுவில்புதுசு · ஜூன் 5, இரவு 9.45

முழு மாசம்தான், பாத்துட்டேன். ஆனா புதுசா ஒண்ணு முளைச்சிருக்கு. நிகழ்ச்சி நிரல்ல ஆறாவது பொருளா "பேட்ரனேஜ் டிவிடெண்ட்"னு ஒண்ணு, 5 சதவீதம். அதையும் ஈவுத்தொகைன்னு போட்டு, ரெண்டையும் கூட்டி 11 சதவீதம்னு எழுதிட்டா சுலபமா இருக்குமேன்னு தோணுது?

பழையஎழுத்தர் · ஜூன் 5, இரவு 10.05

ஐயோ கூட்டாதீங்க!! ஒண்ணு பங்குல சதவீதம், இன்னொண்ணு வேற எதுலயோ சதவீதம். கடன் சங்கம்னா அநேகமா நீங்க வருஷத்துல கட்டின வட்டியிலதான் அந்த அஞ்சு. கணக்குத் தாளைப் பாத்துட்டுச் சொல்லுங்க.

குழுவில்புதுசு · ஜூன் 6, காலை 10.30

ஆமா, கட்டின கடன் வட்டியில 5 சதவீதம் திருப்பித் தர்றாங்களாம்.

பழையஎழுத்தர் · ஜூன் 6, காலை 11.40

இங்க குழப்பம் இங்லீஷ்லயே இருக்கு, உங்க மேல குத்தம் இல்ல. கூட்டுறவுல டிவிடெண்ட்ங்கற சொல் ரெண்டுக்கும் ஓடும். ராச்டேல்காரங்க பேர் வாங்கினதே ரெண்டாவது வகையில. பங்குக்கு ஒரு அளவான வட்டியைக் குடுத்துட்டு மிச்ச லாபத்தை யார் எவ்வளவு சாமான் வாங்கினாங்களோ அதுக்குத் தகுந்த மாதிரி பிரிச்சாங்க. பிரிட்டன்ல கடைச் சங்கத்து ஆளுங்க "டிவி"ன்னு செல்லமா சொன்னது அந்தப் பணத்தைத்தான்.

அதனால பேரைப் பாத்து மொழிபெயர்க்காதீங்க, எதை வெச்சுக் கணக்குப் போடுறாங்கன்னு பாருங்க. பங்கை வெச்சுன்னா ஈவுத்தொகை. வட்டியையோ கொள்முதலையோ வெச்சுன்னா தனிப் பேரு. உங்களுக்கு "வட்டித் தள்ளுபடி"ன்னு வராது, ஏன்னா கட்டி முடிச்ச வட்டியிலேர்ந்து திரும்ப வர்றது. "கட்டிய வட்டியில் திருப்பித் தரும் தொகை"ன்னு நீளமா இருந்தாலும் பரவால்ல.

ஒரு உறுப்பினரை எடுத்துக்குங்க. பங்குத்தொகை 1,000-தான், ஆனா பெரிய கடன் வாங்கி வருஷத்துல 2,400 வட்டி கட்டியிருக்காரு. ஈவுத்தொகை 60. வட்டியில திரும்ப வர்றது 120. அவருக்கு ரெண்டாவதுதான் பெருசு. நீங்க 11 சதவீதம்னு போட்டா அவரு 1,000-க்கு 110 எதிர்பார்ப்பாரு, வர்றது 180. சந்தோஷமாப் போவாரு. ஆனா 10,000 பங்கு வெச்சுக்கிட்டு கடனே வாங்காதவரு 1,100 எதிர்பார்த்து வந்து 600 வாங்குவாரு. அவரு சும்மா போக மாட்டாரு.

ஷேர்பைத்தியம் கேட்டாரே, அதிகமா பணம் போட்டவனுக்கு என்னன்னு. பாதிப் பதில் இதுல இருக்கு. சங்கத்தை யாரு அதிகமா பயன்படுத்துறாங்களோ அவங்களுக்கு லாபம் போகணும்ங்கறதுதான் இந்த ஏற்பாடு. பணத்தைப் போட்டுட்டு சும்மா இருக்குறவங்களுக்கு அளவோட.

ஷேர்பைத்தியம் · ஜூன் 6, மதியம் 2.10

அப்போ நான் கூட்டுறவுல சேரவே மாட்டேன் 😄 ஆனா புரிஞ்சிடுச்சு.

பழையஎழுத்தர் · ஜூன் 7, காலை 6.20

நேத்து ராத்திரி இன்னொண்ணு தோணுச்சு. "கூட்டம் ஒப்புக்கொண்ட பிறகே முடிவாகும்"னு எழுதச் சொன்னேன்ல, அதைப் படிச்சா கூட்டம் பத்துன்னும் ஏத்தலாம்னு தோணும். பல துணைவிதியில கூட்டம் குறைக்கலாம், குழு சொன்னதுக்கு மேல ஏத்த முடியாது. உங்களுதும் அப்படின்னா "இதற்கு மேல் உயர்த்த முடியாது"ன்னு சேத்துடுங்க. இல்லேன்னா யாராவது எழுந்து "எட்டு குடு"ன்னு கத்தி, நாப்பது பேர் கை தட்டி, தலைவர் மைக்கைப் புடிச்சுக்கிட்டு முழிப்பாரு.

கடைசி வரி, மூன்றில் இரண்டு. நீங்க "மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் ஆதரவுடன்"னு விட்டுட்டீங்க. யாருல மூணுல ரெண்டு? உங்க 400 உறுப்பினரையே வெச்சுப் பாருங்க. கூட்டத்துக்கு 120 பேர் வந்தாங்க. திருத்தத்துக்கு 70 பேர் ஆதரவு, 30 பேர் எதிர்ப்பு, 20 பேர் கையைத் தூக்கவே இல்ல. மூலப்படி ஓட்டுப் போட்டவங்க 100 பேர், அதுல மூணுல ரெண்டுன்னா 67 வேணும், 70 இருக்கு, நிறைவேறிடுச்சு. வந்தவங்கள்லன்னு மொழிபெயர்த்தா 80 வேணும், தோத்துடுச்சு. மொத்த உறுப்பினர்லன்னு எடுத்தா 267, அத்தனை பேர் கூட்டத்துக்கே வரலை. ஒரே கை, ஒரே எண்ணிக்கை, மூணு முடிவு. உங்க வரியைப் படிச்சவரு 267-ன்னுதான் எடுத்துப்பாரு, தோத்த கட்சி அந்த நோட்டீஸத்தான் தூக்கிக்கிட்டு வரும்.

"கூட்டத்தில் இருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் ஆதரித்தால் திருத்தம் நிறைவேறும். வாக்களிக்காமல் இருப்பவர்கள் எந்தப் பக்கமும் எண்ணப்பட மாட்டார்கள்."

இலக்கணக்குருவி · ஜூன் 7, காலை 9.30

"கூட்டத்தில் இருந்து வாக்களித்தவர்கள்" என்றால் கூட்டத்திலிருந்து கிளம்பிப் போய் வாக்களித்தவர்கள் என்றும் படிக்கலாம். "கூட்டத்திற்கு வந்து வாக்களித்தவர்களில்" என்று போடுங்கள்.

பழையஎழுத்தர் · ஜூன் 7, காலை 9.50

அதேதான். குருவி சொன்னதையே போடுங்க.

குழுவில்புதுசு · ஜூன் 8, இரவு 8.30

எல்லாம் மாத்தி எழுதினேன், நாலு வரி ஒரு முழுப் பக்கம் ஆயிடுச்சு. குழு ரெண்டு விஷயத்துல இழுக்குது. ஒண்ணு, நீளம். இன்னொண்ணு, அடியில "தமிழாக்கத்திற்கும் ஆங்கில மூலத்திற்கும் முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே செல்லும்"னு ஒரு வரி போடணுமாம். போடலாமா?

ஷேர்பைத்தியம் · ஜூன் 8, இரவு 8.55

எல்லா இடத்துலயும் போடுவாங்க, போட்டுடுங்க, பாதுகாப்பு.

ஜாமீன்போட்டவன் · ஜூன் 8, இரவு 9.20

யாருக்குப் பாதுகாப்பு? எனக்கு இங்லீஷ் தெரியாது. தெரியாதவனுக்குத்தான தமிழ்ல அடிக்கிறீங்க. நான் படிச்சது செல்லாது, நான் படிக்க முடியாததுதான் செல்லும்னு எனக்கே எழுதிக் குடுத்தா எப்படி?

பழையஎழுத்தர் · ஜூன் 8, இரவு 10.00

தம்பி சொல்றது நறுக்குன்னு இருக்கு. ஆனா எனக்கு ரெண்டு மனசு. துணைவிதி எந்த மொழியில பதிவாகியிருக்கோ அதுதான் கடைசியில நிக்கும், நோட்டீஸ்ல எழுதினாலும் எழுதாட்டியும். அதை மறைக்கிறதும் ஏமாத்துறதுதான். ஆனா அந்த ஒரு வரியை நம்பி, தமிழ்ல எப்படி இருந்தா என்னன்னு சரிபார்க்காம விடுறதையும் நெறைய பாத்திருக்கேன். போடுறதா இருந்தா தேதி, தொகை, ஓட்டுரிமை மூணையும் செயலாளரும் இன்னொருத்தரும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாத்தப்புறம் போடுங்க.

இலக்கணக்குருவி · ஜூன் 8, இரவு 10.25

நான் போடவே கூடாது என்பேன். இரண்டும் சமம் என்று அறிவித்துவிட்டால் இரண்டையும் ஒழுங்காக எழுதுவார்கள்.

பழையஎழுத்தர் · ஜூன் 8, இரவு 10.40

சமம்னு அறிவிச்சு, அப்புறம் ஒரு தேதி மாறிப் போனா எதை வெச்சுத் தீர்க்குறது? இதுல நாம ஒத்துப் போக மாட்டோம், விடுங்க.

நீளத்தைப் பத்தி: நீளத்தைக் குறைக்கணும்னா தலைவர் வாழ்த்துரையைக் குறைங்க, அது அரைப் பக்கம் இருக்கும்னு எனக்குத் தெரியும். ஓட்டுப் பத்தியில கை வைக்காதீங்க.

இன்னொண்ணு கேக்க மறந்துட்டேன், நோட்டீஸ் எத்தனை நாளைக்கு முன்னாடி போகணும்?

குழுவில்புதுசு · ஜூன் 9, காலை 7.45

வாழ்த்துரை முக்கால் பக்கம் 😂 நாள் "ஃபோர்ட்டீன் கிளியர் டேஸ்". இங்லீஷ் பிரதி அச்சுக்கு ரெடி, நாளைக்கே தபால்ல போகுது. தமிழ் பின்னாடி 18-ஆம் தேதி வாக்குல போகலாம்ங்கறாங்க.

பழையஎழுத்தர் · ஜூன் 9, காலை 8.05

கிளியர் டேஸ்னா அனுப்புற நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது. 16-லேர்ந்து 29 வரைக்கும் பதினாலு நாள். அதனால கடைசித் தேதி 15. தபால்ல போய்ச் சேர ஆகுற நாளையும் கழிக்கணும்னு துணைவிதியில இருந்தா இன்னும் முன்னாடி.

தமிழ் 18-ல போனா அது கையில கிடைக்கிறப்ப 23 வந்துடும். பாக்கியைக் கட்டி ஓட்டைக் காப்பாத்திக்க இங்லீஷ் படிக்கத் தெரிஞ்சவருக்குப் பத்து நாளுக்கு மேல, தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோ. ரெண்டும் ஒரே கவர்ல போகணும். குழு ஒத்துக்கலைன்னா இங்லீஷையும் நிறுத்தி வெச்சு 12, 13-ல சேர்த்து அனுப்பச் சொல்லுங்க, 15 வரைக்கும் நேரம் இருக்கு.

குழுவில்புதுசு · ஜூன் 10, இரவு 9.10

சேர்த்தேதான் போகுது, 12-ஆம் தேதி. வாழ்த்துரை கால் பக்கமாச்சு. முரண்பாட்டு வரி இருக்கு, ஆனா பக்கத்துலயே "இந்தத் தமிழாக்கத்தை ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்"னு செயலாளர் கையெழுத்து போடணும்னு கேட்டு வாங்கிட்டேன். ஜாமீன் விஷயத்தைக் குழு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிடுச்சு, இந்த வருஷம் "சங்கத்துக்குச் சேரவேண்டிய தொகைகள்"னுதான் போகுது.

ஜாமீன்போட்டவன் · ஜூன் 10, இரவு 9.30

அப்போ உங்க சங்கத்துல என்னை மாதிரி இருக்குறவன் 30-ஆம் தேதி வந்தா ஓட்டுச் சீட்டு குடுப்பாங்களா மாட்டாங்களா?

குழுவில்புதுசு · ஜூன் 10, இரவு 9.41

24-ஆம் தேதி வாக்காளர் பட்டியல் பலகையில ஒட்டுறோம், அதுல பேர் இருந்தா குடுப்பாங்க. யாரோட பேரை விடுறதுன்னு பட்டியல் எழுதுற கிளார்க்குக்கு இன்னும் யாரும் சொல்லலை.